கொலையாளி யாரென்று முதலிலேயே சொல்லிவிட்டால்?

சென்ற இதழுக்குப் பிறகு, மாலை நடையில் சிலர் "அடுத்தது என்ன எழுதப் போகிறீர்கள்?" என்று கேட்டார்கள். துப்பறியும் கதைகளைப் பற்றி எழுதலாம் என்று சொன்னபோது ஒருவர் சிரித்தார். "அதில் எழுத என்ன இருக்கிறது? கடைசிப் பக்கத்தைப் பார்த்தால் முடிந்தது" என்றார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாத ஒரு வகைத் துப்பறியும் கதை இருக்கிறது. அது எப்படிப் பிறந்தது, எப்படி வளர்ந்தது என்பதைத்தான் இந்த முறை சொல்லப் போகிறேன்.

நம்மில் பெரும்பாலோர் படித்து வளர்ந்த துப்பறியும் கதையின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். முதலில் பிணம். பிறகு சந்தேகத்துக்குரிய ஐந்தாறு பேர். துப்பறிவாளர் வருவார், கேள்வி கேட்பார். கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து, நாம் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஆளை நோக்கி விரலை நீட்டுவார். இதில் சுவை முழுக்க 'யார்' என்ற ஒரே கேள்வியில் இருக்கிறது. யாராவது முன்கூட்டியே சொல்லிவிட்டால் போச்சு. நூலக நாவல்களில் பத்தாம் பக்கத்திலேயே "இவன்தான் கொலைகாரன்" என்று பென்சிலால் எழுதி வைக்கும் புண்ணியவான்களை நீங்களும் சந்தித்திருப்பீர்கள்.

1910-ஆம் ஆண்டில் ஓர் ஆங்கிலேய மருத்துவர் அந்தப் பென்சில்காரரின் வேலையைத் தானே செய்து பார்த்தார். அவர் பெயர் ஆஸ்டின் ஃப்ரீமன். 1862-இல் பிறந்தவர். மருத்துவம் படித்துவிட்டு, இன்று கானா என்று சொல்கிறோமே, அந்த மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்கு அரசு மருத்துவராகப் போனார். அங்கே கடுமையான காய்ச்சல் பிடித்து உடம்பு கெட்டுத் திரும்பினார். முன்போல் மருத்துவத் தொழில் செய்ய உடல் இடம் கொடுக்கவில்லை. பிழைப்புக்கு எழுத ஆரம்பித்தார். 1907-இல் வெளிவந்த நாவலில் டாக்டர் தார்ன்டைக் என்ற துப்பறிவாளரை உருவாக்கினார். தார்ன்டைக் மருத்துவர், வழக்கறிஞர் இரண்டும். எங்கே போனாலும் கூடவே ஒரு சின்னப் பச்சைப் பெட்டி போகும். அதற்குள் கையடக்க நுண்ணோக்கி, ரசாயனக் குப்பிகள், இடுக்கி என்று ஒரு குட்டி ஆய்வுக்கூடமே இருக்கும்.

ஃப்ரீமனுக்கு ஒரு சந்தேகம். குற்றம் நடப்பதை வாசகன் கண்ணெதிரிலேயே காட்டிவிடுவோம். யார் செய்தான், எதற்குச் செய்தான், எப்படிச் செய்தான் என்று ஒன்றையும் ஒளிக்க வேண்டாம். துப்பறிவாளருக்குப் பின்னால் உதவப் போகிற எல்லாத் தகவலையும் வாசகன் கையில் முதலிலேயே கொடுத்துவிடுவோம். அதற்குப் பிறகும் சொல்ல ஏதாவது கதை பாக்கி இருக்குமா? இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. குற்றத்தைப் பார்க்கும் பரபரப்பில் வாசகன் தடயங்களைக் கவனிக்காமல் விட்டுவிடுவான் என்பது அவர் போட்ட கணக்கு. அதைச் சோதிக்கவே 'ஆஸ்கர் பிராட்ஸ்கி வழக்கு' என்ற கதையை எழுதினார். 1910 டிசம்பரில் பியர்சன்ஸ் மாத இதழில் வந்தது. 1912-இல் அதையும், அதே வகையில் எழுதிய வேறு சில கதைகளையும் சேர்த்து 'பாடும் எலும்பு' என்ற தலைப்பில் புத்தகமாக்கினார். தலைகீழ்த் துப்பறியும் கதை என்ற பெயர் இந்த வகைக்கு நிலைத்தது அதிலிருந்துதான்.

அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முழுவதும் சொன்னாலும் உங்கள் சுவை கெடாது; அதுதானே இந்த வகையின் விசேஷம்.

சைலஸ் ஹிக்லர் என்று ஒருவன். தனியாகத் திருடித் தனியாகவே விற்று, யாரிடமும் அகப்படாமல் நல்ல மனிதனாக ஊரில் நடமாடும் திருடன். பார்த்தால் கலகலப்பான ஆள். ரயில் பாதையை ஒட்டி ஒதுக்குப்புறமாக வீடு. அன்று மாலை வேலைக்காரப் பெண் வீட்டில் இல்லை. திருட்டு வைரங்களை விற்க ஆம்ஸ்டர்டாமுக்குக் கிளம்பிக் கொண்டிருக்கிறான். அந்த நேரம் பார்த்து வழிதெரியாத ஒருவர் வந்து ரயில் நிலையத்துக்கு எப்படிப் போவது என்று கேட்கிறார். அவர் பிராட்ஸ்கி என்ற வைர வியாபாரி. ஹிக்லருக்கு அவரை அடையாளம் தெரிகிறது. ரயிலுக்கு நேரம் இருக்கிறதே, உள்ளே வந்து உட்காருங்கள் என்று அழைக்கிறான். விஸ்கியும் ஓட்ஸ் பிஸ்கட்டும் எடுத்து வைக்கிறான்.

அதுவரை அவன் மனதில் கொலை இல்லை. வந்தவர் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு, சிகரெட் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவன் மனதில் மெல்ல மெல்ல எண்ணம் ஊறுகிறது. இவர் இங்கே வந்தது யாருக்கும் தெரியாது. பையில் வைரம் இருக்கும். வேண்டாம் என்று தள்ளுகிறான். அது திரும்ப வருகிறது. ஃப்ரீமன் இந்தப் பகுதியை அவசரப்படாமல் எழுதியிருக்கிறார். கடைசியில் ஓர் இரும்புக் கம்பியை எடுக்கிறான். அடி சரியாக விழவில்லை. பெரிய போராட்டம். மேஜை விரிப்பை எடுத்து அவர் வாயிலும் மூக்கிலும் அழுத்தி மூச்சை நிறுத்துகிறான்.

இதற்கப்புறம் ஹிக்லர் செய்வதெல்லாம் கெட்டிக்காரத்தனம். உடலைத் தூக்கிப்போய் ரயில் பாதையில் கழுத்துத் தண்டவாளத்தில் படும்படி கிடத்துகிறான். அவருடைய குடையையும் பையையும் பக்கத்தில் வைக்கிறான். போராட்டத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடி நொறுங்கியிருந்தது. தரையில் கிடந்த கண்ணாடிச் சில்லுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய், சட்டத்தோடு தண்டவாளத்தின் அருகே தூவுகிறான். சரக்கு ரயில் வந்து போகிறது. தற்கொலை அல்லது விபத்து. யாருக்கு என்ன தெரியும்? வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தால், நாற்காலியில் பிராட்ஸ்கியின் தொப்பி. எடுத்துப்போக மறந்துவிட்டான். துண்டு துண்டாக வெட்டி அடுப்பில் போட்டு எரித்துச் சாம்பலைக் கிளறிவிட்டு, நிம்மதியாக ரயிலைப் பிடிக்கக் கிளம்புகிறான்.

முதல் பாகம் இங்கே முடிகிறது. கொஞ்சம் நிறுத்தி, உங்களையே கேட்டுப் பாருங்கள். ஹிக்லர் எங்கே தப்பு செய்தான்? தொப்பியைச் சொல்வீர்கள். அதுகூட அவனே சரிசெய்துவிட்ட தப்பு. வேறு எதுவும் சட்டென்று தோன்றாது. ஆனால் மூன்று தடயங்களும் மேலே நான் எழுதிய பத்திகளில் இருக்கின்றன.

இரண்டாம் பாகத்தைச் சொல்பவர் தார்ன்டைக்கின் நண்பர் டாக்டர் ஜெர்விஸ். அவருக்கு நமக்குத் தெரிந்தது எதுவும் தெரியாது. இப்போது நம் நிலைமை விசித்திரமாகிவிடுகிறது. நாம் எல்லாம் தெரிந்தவர்கள். புத்திசாலிகளோ ஒன்றும் தெரியாதவர்கள். தார்ன்டைக் பிணத்தின் வாயைத் திறந்து பற்களுக்கிடையே இடுக்கியை விடுகிறார். சில நார்கள் வருகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் சாயமேற்றிய நூலிழைகள். மட்டமான மேஜை விரிப்பிலோ திரைச்சீலையிலோ இருக்கும் இழைகள். ரயில் பாதையில் தற்கொலை செய்துகொள்பவன் வாயில் மேஜை விரிப்பு எப்படி வரும்? நமக்குத் தெரியும். அழுத்தியபோது நாமும் அங்கேதான் இருந்தோம். ஆனால் பல்லில் நூல் சிக்கும் என்று நமக்குத் தோன்றவில்லை.

அடுத்தது கண்ணாடிச் சில்லுகள். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். தண்டவாளத்தின் அருகே கிடந்த சில்லுகளை எல்லாம் சேகரித்து, தார்ன்டைக் பொறுமையாக உட்கார்ந்து பொருத்திப் பார்க்கிறார். இரண்டு வில்லைகளும் முழுமையாகச் சேரவில்லை. சில இடங்கள் காலி. அதே சமயம் எதிலும் பொருந்தாத சில துண்டுகள் மிச்சம். அவை மூக்குக்கண்ணாடியின் கண்ணாடியே இல்லை. குடிக்கும் டம்ளரின் உடைசல். ஹிக்லர் தரையில் இருந்ததையெல்லாம் கவனமாகப் பொறுக்கினான் அல்லவா? அந்தக் கவனம்தான் அவனைக் காட்டிக் கொடுக்கிறது. டம்ளர் துண்டுகளையும் சேர்த்துப் பொறுக்கிவிட்டான். வில்லையின் சில சில்லுகளை வீட்டிலேயே விட்டுவிட்டான்.

வங்கியில் கணினி வருவதற்கு முன் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மாலையில் ரொக்கக் கணக்கு இடிக்கும். குறைந்தால் ஒரு விதமான தேடல். கூடினால் வேறு விதமான தேடல். ஆனால் ஓர் இடத்தில் குறைந்து, இன்னோர் இடத்தில் சம்பந்தமில்லாமல் கூடினால், கூட்டலில் வந்த பிசகாக இருக்காது, யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று மேலாளர் சொல்லிவிடுவார். தார்ன்டைக் அதைத்தான் செய்கிறார். குறைந்ததும் கூடியதும் சேர்ந்து, இந்தக் கண்ணாடி இங்கே உடையவில்லை என்று சொல்கின்றன. எங்கே உடைந்ததோ அங்கே டம்ளர் இருக்கும், மேஜை விரிப்பு இருக்கும்.

மூன்றாவது, தொப்பி. எரித்துவிட்டானே என்கிறீர்களா? எரித்ததால்தான் அது தண்டவாளத்தின் அருகே இல்லை. வெளியூர்ப் பயணம் கிளம்பியவர் தலையில் தொப்பி இல்லாமல் வந்திருக்கமாட்டார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது நாம் செருப்பில்லாமல் ஆபீசுக்குப் போவது மாதிரி. இழைகளையும் சில்லுகளையும் வைத்துக்கொண்டு அருகிலிருக்கும் வீட்டுக்குப் போகிறார்கள். விரிப்பு, பிஸ்கட், இரும்புக் கம்பி, வில்லையின் விடுபட்ட சில்லுகள், அடுப்புச் சாம்பலில் தொப்பியின் மிச்சம் என்று ஒவ்வொன்றாகக் கணக்கில் வந்து உட்காருகின்றன.

இந்தக் கதையில் எனக்கு ஒரு குறை உண்டு. தார்ன்டைக் அந்த நேரத்தில் அந்த ரயில் நிலையத்தில் இருப்பது சுத்தத் தற்செயல். அவர் அந்த ரயிலில் வந்திருக்காவிட்டால் ஹிக்லர் தப்பித்திருப்பான். ஃப்ரீமனின் நடையும் சில இடங்களில் பரிசோதனைக் குறிப்பு மாதிரி வறண்டு கிடக்கும். ஆனாலும் அவர் போட்ட கணக்கு சரியாகிவிட்டது. 'யார்' என்ற கேள்வியை எடுத்துவிட்டாலும் பக்கத்தைப் புரட்ட வைக்க முடிகிறது. அதற்கு அவர் தனக்கே வைத்துக்கொண்ட ஒரு கட்டுப்பாடு காரணம்: முதல் பாகத்தில் காட்டாத எதையும் இரண்டாம் பாகத்தில் தடயமாகக் கொண்டுவரக் கூடாது. இந்த வகைக் கதை எழுதத் தெரியாதவர்கள் சறுக்குவது இங்கேதான். குற்றத்தை விலாவாரியாகக் காட்டிவிட்டு, கடைசியில் "ஜன்னல் வழியாக ஒரு கிழவி பார்த்துக் கொண்டிருந்தாள்" என்று முடித்துவிடுவார்கள். அந்தக் கிழவியை நமக்குக் காட்டவில்லையே!

ஃப்ரீமனுக்கு முன் இப்படி யாருமே எழுதவில்லையா என்று கேட்டால், ரஷ்யாவில் தாஸ்தயெவ்ஸ்கி இருக்கிறார். 1866-இல் வந்த 'குற்றமும் தண்டனையும்' நாவலில், அடகு பிடிக்கும் கிழவியை ரஸ்கோல்னிகோவ் கோடரியால் கொல்வதை நாம் பார்த்துவிடுகிறோம். அதன்பின் விசாரணை அதிகாரி போர்ஃபிரி பெத்ரோவிச் அவனோடு பேசும் காட்சிகள்தான் நெஞ்சைப் பிசைகின்றன. அவர் கையில் ஒரு சாட்சியமும் இல்லை. சிரித்துப் பேசுவார், சம்பந்தமில்லாத கதை சொல்வார், போகிறபோக்கில் ஒன்றைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். செய்யாத ஓர் ஆள் இடையில் வந்து நான்தான் கொன்றேன் என்று ஒப்புக்கொண்ட பிறகும், அவர் ரஸ்கோல்னிகோவின் அறைக்கே வந்து, நீங்கள்தான் செய்தீர்கள் என்று அமைதியாகச் சொல்கிறார். அந்த நாவலைத் துப்பறியும் கதை என்று சொன்னால் இலக்கியவாதிகள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் போர்ஃபிரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; நூறு ஆண்டு கழித்து அவர் அமெரிக்காவில் மறுபிறவி எடுக்கப் போகிறார்.

அதற்கு முன் 1930-களின் இங்கிலாந்து. ஃப்ரீமன் கண்டுபிடித்த முறையில் முதல் பாதி குற்றவாளிக்கு, மறுபாதி துப்பறிவாளருக்கு. இந்தப் பத்தாண்டில் வந்தவர்கள் நாவல் முழுவதையுமே குற்றவாளியின் கண் வழியாகக் காட்டத் துணிந்தார்கள். 1931-இல் ஃபிரான்சிஸ் ஐல்ஸ் என்ற புனைபெயரில் அந்தனி பெர்க்லி காக்ஸ் என்பவர் எழுதிய நாவல், ஒரு கிராமத்து மருத்துவர் மனைவியைக் கொல்ல முடிவெடுத்துவிட்டார் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறது. மனைவி அதிகாரம் செய்பவள். அவர் அடங்கிப்போகும் குள்ளமான மனிதர். நாம் அவர் பக்கம் சாய்கிறோம். சாய்ந்த பிறகு, அவர் எவ்வளவு அற்பமான மனிதர் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிகிறது. அதன் முடிவு ஒரு சாட்டையடி. அதை மட்டும் சொல்லமாட்டேன்.

1934-இல் வந்த ஃப்ரீமன் வில்ஸ் கிராஃப்ட்ஸின் நாவல் என் போன்றவர்களுக்கென்றே எழுதியது போல இருக்கும். ('ஃப்ரீமன்' என்று இருவர் பெயரிலும் வருவதால் குழம்பிவிட வேண்டாம், இவர் ரயில்வே பொறியாளராக இருந்தவர்.) லண்டன் அருகே கிராய்டன் விமான நிலையத்திலிருந்து பாரிசுக்குப் போகும் விமானத்தில் ஒரு முதியவர் இறந்து கிடப்பதில் கதை தொடங்குகிறது. பிறகு பின்னோக்கிப் போகிறது. அவருடைய மருமகன் சார்லஸ், யார்க்ஷயரில் மின்மோட்டார் தொழிற்சாலை நடத்துகிறான். உலகப் பொருளாதார மந்தத்தில் ஆர்டர் இல்லை. வங்கி மேலும் கடன் தர மறுக்கிறது. மாமாவிடம் பணம் இருக்கிறது, கொடுக்கமாட்டேன் என்கிறார். அவர் இறந்தால் சொத்தில் பங்கு வரும். தொழிலாளர்களுக்குச் சம்பளம் போட வேண்டிய நாள் நெருங்குகிறது. இப்படித் தொழில் நொடித்து, கவுண்டருக்கு எதிரில் உட்கார்ந்து நகம் கடிக்கும் மனிதர்களை நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் கொலை செய்யவில்லை. ஆனால் சார்லஸின் எண்ணம் எந்த இடத்தில் திரும்புகிறது என்பதை கிராஃப்ட்ஸ் எழுதியிருக்கும் விதம், கடன் விண்ணப்பக் கோப்பைப் படிப்பது போல அவ்வளவு நம்பகமாக இருக்கிறது.

அவன் வழி எளிமையானது. மாமா தினமும் அஜீரணத்துக்கு மாத்திரை சாப்பிடுவார். அதே மாதிரி ஒரு மாத்திரையில் சயனைடை வைத்து, குப்பியின் அடியில் போட்டுவிடுகிறான். மேலே இருப்பவை தீர்ந்து அந்த மாத்திரைக்கு வர எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டு, அந்த நாட்களில் தான் கப்பல் சுற்றுலாவில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறான். அன்றாடம் எத்தனை, குப்பியில் எத்தனை என்று வகுத்துப் பார்த்துக் கொலை செய்பவன்! ஆனால் நாவலின் பெரும் பகுதி அதற்குப் பிறகுதான். இன்ஸ்பெக்டர் ஃபிரெஞ்சு வருகிறார், மரியாதையாகக் கேள்வி கேட்கிறார், நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று சார்லஸுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஒவ்வொரு முறை அவர் போன பிறகும் சார்லஸ் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறான். நமக்கு அந்த நிம்மதி வருவதில்லை. போலீஸ்காரர் எங்கே போனார், யாரைப் பார்த்தார் என்பதெல்லாம் கடைசியில்தான் வெளிவருகிறது.

இங்கே ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஃப்ரீமன் கதையில் நமக்குத் துப்பறிவாளரின் கை தெரியும். கிராஃப்ட்ஸ் கதையில் அது மறைக்கப்பட்டுவிட்டது. குற்றவாளி யார் என்ற மர்மம் போய், துப்பறிவாளருக்கு எவ்வளவு தெரியும் என்ற மர்மம் வந்து உட்கார்ந்துவிட்டது. பழைய கதையில் முகமூடி கொலைகாரனுக்கு, இங்கே போலீசுக்கு. இந்த இடமாற்றம் நடந்த பிறகுதான் இந்த வகை உண்மையில் உயிர் பெற்றது என்பது என் அபிப்பிராயம்.

அந்த முகமூடியை மிக அழகாக அணிந்தவர் லெப்டினன்ட் கொலம்போ. பள்ளி நாட்களிலிருந்தே நண்பர்களான ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற இருவர் உருவாக்கிய பாத்திரம். 1960-இல் ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் முதலில் தோன்றி, 1962-இல் மேடை நாடகமாகி, 1968-இல் பீட்டர் ஃபாக் நடித்த தொலைக்காட்சிப் படமாகி, 1971-இலிருந்து தொடராக வந்தார். கசங்கிய மழைக்கோட்டு, சுருட்டு, ஓயாமல் மனைவியைப் பற்றிய பேச்சு. இந்தப் பாத்திரத்துக்கு மூலம் போர்ஃபிரி பெத்ரோவிச்தான் என்று படைத்தவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

1968 படத்தில் கொலையாளி ஒரு மனநல மருத்துவர். மனைவியின் கழுத்தை நெரித்துவிட்டு, தன்னிடம் சிகிச்சைக்கு வரும் இளம் நடிகைக்கு அவளுடைய உடையை அணிவித்து விமானத்தில் கூட்டிப் போகிறார். எல்லோர் முன்னிலையிலும் சண்டை போட்டுக்கொண்டு 'மனைவி' இறங்கிவிடுகிறாள். இவர் மட்டும் மெக்சிகோ போகிறார். அதாவது அவர் ஊரில் இல்லாதபோது மனைவி வீட்டுக்குத் திரும்ப, திருடன் வந்து கொன்றுவிட்டான் என்பது கணக்கு. வீட்டிலிருந்து திருடுபோனது போலக் காட்ட எடுத்து வந்த பொருட்களை அங்கே கடலில் எறிந்துவிடுகிறார். திரும்பி வந்து கதவைத் திறக்கிறார். உள்ளே கொலம்போ.

பிறகு பேச்சுவாக்கில் கொலம்போ சொல்கிறார்: ஊரிலிருந்து வருகிறவர் கதவைத் திறந்ததும் மனைவியைக் கூப்பிடுவார், நீங்கள் கூப்பிடவில்லையே டாக்டர்? அவ்வளவுதான். அந்தக் காட்சியை நாம் பார்த்தோம். ஓசையில்லாமல் உள்ளே வந்தார், பெட்டியை வைத்தார். அது நமக்கு வித்தியாசமாகவே படவில்லை. ஏனென்றால் மனைவி வீட்டில் இல்லை என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். பல்லில் சிக்கிய நூலிழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தோன்றலாம். ஆனால் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. குற்றவாளிக்குத் தெரிந்தது நமக்கும் தெரிவதால், அவன் பார்வையில் விழாதது நம் பார்வையிலும் விழுவதில்லை. பெட்டியின் எடை போகும்போது கூடுதல், வரும்போது குறைவு என்பதையும் கொலம்போ கண்டுபிடிக்கிறார். கடலில் எறிந்ததை நாம் பார்த்தோம். எடை போட்டுப் பார்க்க நமக்குத் தோன்றவில்லை.

ஆனால் அந்த மருத்துவர் பிடிபடுவது இவற்றால் அல்ல. கொலம்போ நடிகையை நெருக்குகிறார். அவள் நீச்சல் குளத்தில் இறந்துவிட்டது போல ஒரு நாடகம் நடத்துகிறார். அதை நம்பிய மருத்துவர், அவளை நான் நேசித்ததே இல்லை என்று சொல்லிவிடுகிறார். அவளோ உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். இந்த வகைக் கதைகளின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. தடயங்கள் துப்பறிவாளரை நிச்சயப்படுத்துகின்றன, நீதிமன்றத்துக்குப் போதுவதில்லை. ஆகவே கடைசியில் ஒரு பொறி வைக்க வேண்டியிருக்கிறது. நல்ல வக்கீல் ஒருவர் கிடைத்தால் கொலம்போவின் பல வழக்குகள் நிற்காது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஃப்ரீமனின் தார்ன்டைக் அந்த விஷயத்தில் கெட்டி. அவர் கொடுப்பது எல்லாம் கண்ணாடிக் குப்பியில் போட்டு முத்திரை வைத்த சாட்சியம்.

நம் ஊரில் இந்த வகையை எல்லோருக்கும் பழக்கப்படுத்தியது சினிமாதான். 2013-இல் மலையாளத்தில் வந்த 'திருஷ்யம்', 2015-இல் அதே இயக்குநர் ஜீத்து ஜோசப் தமிழில் எடுத்த 'பாபநாசம்'. கேபிள் டி.வி. நடத்தும் சுயம்புலிங்கத்தின் வீட்டில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். தேடி வருபவர் காவல் துறையின் உயர் அதிகாரி, காணாமல் போனவனின் தாய். நாம் யார் பக்கம் என்பதில் சந்தேகமே இல்லை. தியேட்டரில் போலீஸ் தோற்கத் தோற்கக் கைதட்டியது நினைவிருக்கிறதா? ஃப்ரீமனின் வாசகர்கள் ஹிக்லருக்காகக் கைதட்டியிருக்கமாட்டார்கள். குற்றவாளியைத் தகப்பனாக்கி, குற்றத்தைக் குடும்பத்தைக் காப்பதாக்கியதில் நம் அனுதாபம் முழுதாக இடம் மாறிவிட்டது.

இன்னொரு மாற்றமும் அதில் இருக்கிறது. பஸ் டிக்கெட், ஓட்டல் பில், சினிமா டிக்கெட் என்று அவர் சேர்த்து வைக்கும்போது ஏதோ செய்கிறார் என்று தெரிகிறதே தவிர, ஊராரின் நினைவில் தேதியையே மாற்றி வைக்கிறார் என்பது பின்னால்தான் நமக்குப் புரிகிறது. உடல் எங்கே என்பதோ கடைசிக் காட்சி வரை தெரியாது. யார் செய்தது என்று சொல்லிவிட்டு, எங்கே என்பதை மட்டும் மறைத்து வைக்கிறார்கள். ஃப்ரீமன் பார்த்திருந்தால், எல்லாவற்றையும் முதலிலேயே சொல்ல வேண்டும் என்ற என் நிபந்தனையை மீறிவிட்டீர்கள் என்று சொல்லியிருப்பார். எனக்கென்னவோ, அவர் அடுத்த காட்சியையும் உட்கார்ந்து பார்த்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது. சுயம்புலிங்கம் தொப்பி எதையாவது நாற்காலியில் விட்டிருக்கிறாரா என்று தேடுவதற்காக.